ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: திக்கல் இருப்பவர் யாரிடம், எப்போது நேரம் கேட்பது?

பாளை_செவிலி (திங்கள், இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்தில் செவிலியர் கவுன்சிலான என்எம்சி பதிவுக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறேன். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். போன தடவை மற்ற மூன்றும் வந்துவிட்டன, ஸ்பீக்கிங் மட்டும் 6.5-இல் நின்றுவிட்டது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். ப, க, ட ஒலியில் ஆரம்பிக்கும் சொற்கள்தான் மோசம். உள்ளே போனதும் முழுப்பெயர் கேட்டார்கள். என் பெயரே ப-வில் ஆரம்பிக்கும், அங்கேயே அடைத்துக்கொண்டது. அடுத்து ஊர் கேட்டார்கள். பாளையங்கோட்டை! சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. இரண்டாம் பகுதியில் பேசத் தலைப்பு தரும் அட்டையில் இருந்த நான்கு குறிப்பில் இரண்டைத்தான் சொல்லியிருந்தேன், நேரம் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள்.

நான் கேட்க நினைப்பது இதுதான். மெதுவாகப் பேசினால் மார்க் குறையுமா? சிக்கும் சொல்லை மாற்றி வேறு சொல் போடலாமா? எக்ஸாமினரிடம் கூடுதல் நேரம் கேட்கலாமா? இன்னொன்று, வீட்டில் தனியாக ரெக்கார்ட் செய்தால் எனக்குத் திக்குவதே இல்லை. அதைக் கேட்டுவிட்டு நான் போகும் கோச்சிங்கில் "உங்களுக்கு கான்ஃபிடென்ஸ்தான் இல்லை" என்கிறார்கள்.

வள்ளியம்மை (திங்கள், இரவு 10:15)

மேடை பயம் எல்லோருக்கும் உண்டும்மா. கண்ணாடி முன்னால் நின்று தினமும் பேசிப் பார். என் மருமகள் அப்படித்தான் பேங்க் இன்டர்வியூவில் பாஸ் பண்ணினாள். சின்னப் பிள்ளைக்கு நாக்கில் வசம்பு தடவியிருக்க வேண்டும், இப்போதெல்லாம் யார் செய்கிறார்கள்.

பாளை_செவிலி (திங்கள், இரவு 10:22)

அம்மா, எனக்கு வசம்பு நிறையவே தடவியிருக்கிறார்கள். 😊 கண்ணாடி முன்னால் திக்காததுதான் என் பிரச்சினையே. எதிரில் ஓர் ஆள் இருந்தால்தான் திக்குகிறது.

கோவை_டிரெய்னர் (செவ்வாய், காலை 7:05)

பல வருடமாக ஐஇஎல்டிஎஸ் சொல்லித் தருகிறேன், அதனால் சொல்கிறேன். முதலில் ஒரு கவலையை விடுங்கள். இரண்டாம் பகுதியில் அட்டையில் உள்ள எல்லாக் குறிப்பையும் சொல்லி முடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ரைட்டிங்கில்தான் கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா என்று மார்க் போடுவார்கள். ஸ்பீக்கிங்கில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது. இரண்டு நிமிடத்தில் நிறுத்துவது எல்லோருக்கும் நடப்பது, அதற்கு மார்க் போகாது.

மார்க் போகும் இடம் ஃப்ளூயன்ஸி. நான்கு தலைப்புக்கும் சம எடை: ஃப்ளூயன்ஸி, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. கடைசி மூன்றிலும் நீங்கள் 7 வாங்கி, ஃப்ளூயன்ஸியில் 6 வந்தால் கூட்டுத்தொகை 27. உறுதியாக 7 வேண்டுமென்றால் 28 வேண்டும். அந்த ஒரு மார்க்கில்தான் நீங்கள் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் யோசனை: எக்ஸாமினரிடம் திக்கல் என்று சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் அதையே கவனிப்பார். சிக்கும் சொல்லை உடனே மாற்றுங்கள், பாராஃப்ரேஸ் செய்தால் சொல்வளத்துக்கும் நல்லது. அடைக்கும் இடத்தில் "வெல்", "ஆக்சுவலி", "யூ நோ" என்று போட்டுச் சமாளியுங்கள். எல்லாச் சொல்லையும் இழுத்து, ஒரே வேகத்தில், மெதுவாகப் பேசுங்கள்.

பேச்சுத்துறை_மதுரை (செவ்வாய், மதியம் 1:30)

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ட்ரெய்னர் சார் சொன்ன கணக்கு சரி, அட்டைக் குறிப்பு பற்றிச் சொன்னதும் சரி. யோசனை என்று சொன்னவற்றில் பாதி எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தனியாக இருக்கும்போது திக்காமல் பேசுவது திக்கல் உள்ள பெரும்பாலோருக்கு இயல்பு. பலர் சேர்ந்து ஒரே குரலில் படித்தால் திக்காது, பாட்டில் திக்காது, குழந்தையோடும் நாயோடும் பேசினால் திக்காது. அதனால் தனியாகச் செய்த ரெக்கார்டிங்கை வைத்துக் கான்ஃபிடென்ஸ் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. அதைவிட, தனியாகச் செய்யும் பயிற்சி இந்தத் தேர்வுக்கு அவ்வளவாக உதவாது. முன்பின் தெரியாத ஆள், கையில் கடிகாரம், கேள்வி எப்போது மாறும் என்று தெரியாத நிலை, இவை மூன்றும் பயிற்சியில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஃப்ளூயன்ஸி. ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் மதிப்பெண் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தயக்கத்தை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். என்ன சொல்லலாம் என்று யோசிக்கும் தயக்கம் ஒன்று, சொல்லும் இலக்கணமும் கிடைக்காமல் தேடும் தயக்கம் இன்னொன்று. முதலாவது 8, 9 வாங்குபவரிடமும் இருக்கும். இரண்டாவதுதான் கீழே இழுக்கும். திக்கலில் வரும் அடைப்பு இந்த இரண்டிலும் சேராது. உங்களுக்குச் சொல் தெரியும், வாய்தான் வழிவிடவில்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது திக்கல் என்று தெரியாவிட்டால், சொல் தேடுகிறீர்கள் என்றுதான் அவர் காதில் விழும். அதனால்தான் மறைக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

"வெல், ஆக்சுவலி" வேண்டாம். அடைத்த இடத்தில் அமைதியாக நின்றால் அது அடைப்பாக மட்டும் கேட்கும். அங்கே "ஆக்சுவலி... ஐ மீன்..." என்று போட்டால் சொல் தேடும் தயக்கம் மாதிரியே ஆகிவிடும். இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. அடைத்ததும் வாக்கியத்தின் தொடக்கத்துக்கே போய் மறுபடி ஓடிவந்து தாண்டப் பார்ப்பது. ஒருதரம் சொன்னதையே மூன்று தரம் சொல்வீர்கள். அட்டவணையில் மீண்டும் சொல்லுதல், திருத்திச் சொல்லுதல் என்று இருப்பதில் அது நேராகப் போய் விழும்.

எல்லாவற்றையும் இழுத்து மெதுவாகப் பேசினால் திக்கல் குறையலாம். ஆனால் ஆங்கிலத்தின் அழுத்தம், ஏற்ற இறக்கம் எல்லாம் போய்விடும். உச்சரிப்பு மதிப்பெண்ணில் அதையும்தானே பார்ப்பார்கள். அதற்குப் பதில் சொற்களைச் சாதாரண வேகத்தில் விட்டுவிட்டு, மூன்று நான்கு சொல் கொண்ட துண்டுகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஆழமாக மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ள வேண்டாம். அடக்கிய மூச்சோடு ப, க தொடங்கினால் அடைப்பு இன்னும் இறுகும்.

நேரம் கேட்பது பற்றித் தனியாக எழுதுகிறேன், ஓபி முடிந்ததும்.

கனவு_மெல்போர்ன் (செவ்வாய், மதியம் 2:10)

எதுக்கு இந்தக் கஷ்டம்? பிடிஇ எழுதுங்க. மெஷின்தான் மார்க் போடும், மனுஷனே எதிரில் இல்லை.

பேச்சுத்துறை_மதுரை (செவ்வாய், மதியம் 2:25)

பிடிஇ ஸ்பீக்கிங்கில் மூன்று வினாடி சத்தம் வரவில்லையென்றால் மைக் மூடிவிடும், பதில் அதோடு முடிந்தது. அடைப்பு உள்ளவருக்கு மூன்று வினாடி என்பது சர்வசாதாரணம். மனிதராவது காத்திருப்பார்.

லீட்ஸ்_மலர் (செவ்வாய், மாலை 4:00)

அதோடு என்எம்சி ஏற்பது ஐஇஎல்டிஎஸ், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி இரண்டைத்தான். இந்த அக்காவுக்குப் பிடிஇ பயனில்லை. நான் ஓஇடி எழுதி வந்தவள், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், இப்போது டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

பேச்சுத்துறை_மதுரை (செவ்வாய், இரவு 8:50)

நேரம் கேட்பது என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன.

ஒன்று, தேர்வின் அளவிலேயே கூடுதல் நேரம். இது எக்ஸாமினர் கையில் இல்லை. அவர் முன்னால் எழுதி வைத்த கேள்வியும் கடிகாரமும் இருக்கும், முழுத் தேர்வும் 11 முதல் 14 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், எல்லாமே பதிவாகும். நீங்கள் உள்ளே போய்க் கெஞ்சினாலும் அவராக ஐந்து நிமிடம் கூட்டித் தர முடியாது. இதைத் தேர்வு மையத்திடம்தான் கேட்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. பதிவுப் படிவத்தில் சிறப்பு ஏற்பாடு தேவையா என்று கேட்கும் இடம் இருக்கும். அதில் ஆம் என்று போட்டு, மையத்துக்கு மெயிலும் அனுப்புங்கள். தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. கடைசி வாரத்தில் கேட்டால் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு அவகாசம் இருக்காது, தேதியைத் தள்ளச் சொல்வார்கள்.

மற்றொன்று, அறைக்குள் சில வினாடி. இதை எக்ஸாமினரிடமே கேட்கலாம். ஆனால் அடைத்த பிறகு கேட்க முடியாது, அடைத்திருக்கும்போது வாயே திறக்காதே! அடைப்பதற்கு முன்னால், பெயர் சொன்ன கையோடு ஒரே ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். நான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லித் தரும் வாக்கியம் இது: "ஐ ஹேவ் எ ஸ்டாமர். இஃப் ஐ ஸ்டாப் இன் த மிடில், ஐ ஹேவ்ன்ட் ஃபினிஷ்ட். ப்ளீஸ் வெயிட் ஃபார் மி." மன்னிப்பு எதுவும் அதில் வேண்டாம். இதனால் நடைமுறையில் ஒரு பெரிய பயன் உண்டு. அடைப்பில் நிற்கும்போது பதில் முடிந்துவிட்டது என்று நினைத்து எக்ஸாமினர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவதுதான் முதல் பகுதியில் அடிக்கடி நடக்கும் விபத்து. அதை இது தடுக்கும்.

பெயர், அடையாள அட்டை பார்க்கும் அந்தப் பகுதிக்கு மார்க் இல்லை. அங்கே எவ்வளவு திக்கினாலும் நஷ்டமில்லை. சொல்லப்போனால் அங்கே வேண்டுமென்றே லேசாகத் திக்கிப் பேசச் சொல்வேன். "இவர் திக்குவார்" என்பது எதிரில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும், மறைக்க வேண்டும் என்ற இறுக்கம் உங்களுக்கும் போய்விடும்.

தூத்துக்குடி_செல்வம் (செவ்வாய், இரவு 9:30)

கூடுதல் நேரம் வேண்டும் என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிடுங்கள் சிஸ்டர். 2016 சட்டத்தில் பேச்சுக் குறைபாடும் இருக்கிறது. யுடிஐடி கார்டு இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

பேச்சுத்துறை_மதுரை (செவ்வாய், இரவு 9:55)

சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு இருக்கிறது, சரிதான். ஆனால் அங்கே அதற்குச் சொல்லியிருக்கும் விளக்கம் குரல்வளை அகற்றியது, பக்கவாதத்துக்குப் பின் பேச்சு இழந்தது போன்ற நிரந்தர உடல், நரம்புக் காரணங்களை வைத்து எழுதப்பட்டது. சிறுவயதுத் திக்கலுக்கு அந்தச் சான்று வாங்கப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். இந்தத் தேர்வுக்கு அந்தக் கார்டு வேண்டியதில்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்சிஐ-யின் பதிவு எண் உள்ள ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை தந்தால் போதுமா என்று மையத்திடம் மெயிலில் கேளுங்கள். அறிக்கையில் "திக்கல் உள்ளது" என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. எப்போதிலிருந்து, எவ்வளவு கடுமை, அடைப்பு சராசரியாக எத்தனை வினாடி, அதனால் ஸ்பீக்கிங்கில் என்ன வேண்டும் என்று இருக்க வேண்டும்.

பாளை_செவிலி (புதன், மாலை 6:20)

ரொம்ப நன்றி மேடம். எனக்கு உண்மையாகவே தலைசுற்றல் குறைந்திருக்கிறது. வார்டில் உடன் வேலை செய்யும் ஒருவரை எக்ஸாமினராக உட்கார வைத்து நேற்று ஓர் அட்டை எடுத்தேன். "உங்களுக்குப் பயனுள்ள ஒன்றைக் கற்றுத் தந்தவர்" என்று தலைப்பு. அதன் தொடக்கத்தை அப்படியே கேட்டு எழுதுகிறேன், புள்ளி வைத்த இடமெல்லாம் அடைப்பு அல்லது இழுவை.

"த பர்சன் ஐ வான்ட் டு டாக் அபவுட் இஸ் மை சீனியர் நர்ஸ். ஷி டாட் மீ ஹவ் டு..... ஷி டாட் மீ ஹவ் டு... ஆக்சுவலி, ஷி டாட் மீ ஹவ் டு புட் த நீடில் இன் த ஹேண்ட். தோஸ் ஹூ கம் டு அவர் யூனிட்... தே ஹேவ் எ லாட் ஆஃப், ஐ மீன், தே ஃபீல் எ லாட் ஆஃப்... இட் ஹர்ட்ஸ் தெம்."

இரண்டு நிமிடத்தில் மொத்தம் 150 சொல் சுமார் வந்தது. என்னோடு வேலை செய்பவர் 250-க்கு மேல் பேசினார். இன்னும் அட்டையில் பாதி பாக்கி.

பேச்சுத்துறை_மதுரை (புதன், இரவு 10:10)

நல்லது, இப்படித்தான் எழுதிப் பார்க்க வேண்டும். இதில் அடைப்பு எங்கே, ஒளிந்து ஓடியது எங்கே என்று பிரிப்போம்.

"ஹவ் டு" என்ற பிறகு நீங்கள் சொல்ல நினைத்தது "கானுலேட்" இல்லையா? டயாலிசிஸ் நர்ஸ் ஃபிஸ்டுலாவில் ஊசி போடுவதற்கு வேறு சொல் என்ன. க-வைக் கண்டு பயந்து ஓடிவந்து மோதினீர்கள், மூன்று தரம். கடைசியில் அதை விட்டுவிட்டு "புட் த நீடில் இன் த ஹேண்ட்" என்றீர்கள். "பேஷன்ட்ஸ்" வர வேண்டிய இடத்தில் "தோஸ் ஹூ கம் டு அவர் யூனிட்". "பெயின்" வர வேண்டிய இடத்தில் இரண்டு தரம் ஆரம்பித்து "இட் ஹர்ட்ஸ் தெம்". நான்கு வரிக்குள் மூன்று நல்ல சொல்லைக் கழற்றிவிட்டீர்கள். கேட்பவருக்கு இவர் நர்ஸ்தானா, "பேஷன்ட்" என்ற சொல்கூடத் தெரியவில்லையே என்று தோன்றும். போன தடவை சொல்வளத்திலும் மார்க் போயிருக்கலாம். ட்ரெய்னர் சார் சொன்ன பாராஃப்ரேஸ் என்பது தெரியாத சொல்லைச் சுற்றிச் சொல்வது. தெரிந்த சொல்லைக் கண்டு ஓடுவதால் அந்தப் பலன் வராது.

அதற்காக மாற்றியே சொல்லக் கூடாது என்று இல்லை. சொல்லை விட்டுவிடாமல் அதன் இடத்தை மாற்றுங்கள். திக்கல் வாக்கியத்தின் தொடக்கத்தில்தான் அதிகம் வரும், நடுவில் குறையும். "பேஷன்ட்ஸ் ஆஃப்டன் ஆஸ்க் மீ" என்று தொடங்கினால் ப முதலிலேயே நிற்கிறது. "இன் அவர் யூனிட், மோஸ்ட் பேஷன்ட்ஸ் ஆஸ்க் மீ" என்றால் அது ஓடுகிற பேச்சுக்குள் வந்துவிடுகிறது. இது பொருளையும் கெடுக்காது, வாக்கியமும் இன்னும் நன்றாக இருக்கும்.

கானுலேட் போன்ற சொல்லில் அடைத்தால், ஓடாமல் அங்கேயே நில்லுங்கள். க-வுக்கு நாக்கின் பின்பக்கம் மேலண்ணத்தில் ஒட்டும். அடைப்பில் அது இறுகிப் பிடித்திருக்கும். திரும்பிப் போகாமல், ஒட்டியதை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் விட்டுவிடுங்கள், காற்று கசியத் தொடங்கும், அதோடு சொல்லின் மீதியைச் சேர்த்துச் சொல்லுங்கள். ப-வுக்கு உதடு, அதே வேலைதான். வெளியே வந்ததும் சரிப்படுத்தத் திரும்பப் போகாதீர்கள். அடுத்த துண்டுக்குப் போய்விடுங்கள். இப்படி:

"ஷி டாட் மீ / ஹவ் டு க்...கானுலேட் எ ஃபிஸ்டுலா / வித்தவுட் காஸிங் பெயின் / டு த பேஷன்ட்."

ஓர் அடைப்பு இருக்கிறது, ஆனால் வாக்கியம் முழுசாக, திரும்பச் சொல்லாமல், சரியான சொல்லோடு வந்துவிட்டது. பழைய வடிவத்தில் அடைப்பு இதைவிட அதிகமா குறைவா என்று எண்ண வேண்டாம். ஆக்சுவலி, ஐ மீன், திரும்ப ஆரம்பித்தது, இவற்றை மட்டும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைகிறதா என்பதுதான் உங்கள் அளவுகோல்.

150 சொல் பற்றி: வேகத்தைக் கூட்ட முயலாதீர்கள், சரக்கைக் குறையுங்கள். தயாரிப்புக்குத் தரும் ஒரு நிமிடத்தில் நான்கு குறிப்புக்கும் எழுதாமல் இரண்டு போதும். ஒன்று யார், எங்கே. இன்னொன்று ஒரே ஒரு சம்பவம், விவரமாக. பென்சிலும் தாளும் தருவார்கள். அதில் சொற்களை எழுதும்போது பயமுள்ள சொல்லுக்கு முன்னால் எது வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "பேஷன்ட்" என்று தனியாக எழுதாமல் "மோஸ்ட் பேஷன்ட்ஸ்" என்று. மனப்பாடம் மட்டும் வேண்டாம். திக்காமல் ஓடும் என்பதால் திக்கல் உள்ளவர்களுக்கு அதில் பெரிய ஆசை வரும். எக்ஸாமினர் நொடியில் கண்டுபிடித்துவிடுவார். மூன்றாம் பகுதியில் அது அறுந்ததும் இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

யாழ்_குமரன் (வியாழன், காலை 6:45)

எனக்கும் திக்கும். கொழும்பில் எடுத்தனான், இப்ப படிக்கிறது கனடாவில். நான் ஏற்பாடு கேட்டு எடுத்ததால் என் அனுபவத்தைச் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

மையத்துக்கு மெயில் போட்டு, தெரபிஸ்ட் கடிதம் இணைச்சனான். திரும்ப ஒரு கேள்வி மட்டும் கேட்டவை, எவ்வளவு நேரம் கூட வேணும் எண்டு. தெரபிஸ்ட் கடிதத்தில் அது இல்லாததால் இன்னொருக்கா எழுதி வாங்க வேண்டி வந்தது. ஆகவே மேடம் சொன்னது முக்கியம். உள்ளே போனால் எக்ஸாமினருக்கு முன்னமே தெரியும், அவர் அவசரப்படுத்தேல்லை. ஆனால் கூடுதல் நேரம் மார்க்கைக் கூட்டாது, அது வேற. எனக்கு மூன்றாம் பகுதியில் நேரம் கூடக் கிடைச்சதால் நான் கூடக் கதைச்சு, கூடப் பிழையும் விட்டன். 😄 நேரம் கிடைச்சது எண்டு பதிலை நீட்டாதேங்கோ அக்கா.

கோவை_டிரெய்னர் (வியாழன், காலை 8:20)

மேடம் சொன்ன ஃபில்லர் விஷயத்தை ஏற்கிறேன், ரெக்கார்டிங்கைப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னேற்பாடு இல்லாமல், அறைக்குள் போய் "எனக்கு ஸ்டாமர்" என்று சொல்வதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. எக்ஸாமினர் தன் காதில் விழுந்ததற்குத்தான் அட்டவணைப்படி மார்க் போட வேண்டும். இவர் வாயால் சொன்னதை நம்பி எதையும் ஒதுக்க அவருக்கு அனுமதி இருக்கிறதா? ரீமார்க் போட்டால் பதிவைக் கேட்கும் வேறொரு ஆள் அதையே எப்படி எடுத்துக்கொள்வார்?

பேச்சுத்துறை_மதுரை (வியாழன், மதியம் 1:15)

நியாயமான கேள்வி. அந்த வாக்கியத்தால் மார்க் கூடும் என்று நான் சொல்லவில்லை. குறுக்கே பேசாமல் காத்திருப்பார் என்றுதான் சொன்னேன். பதிவிலும் அது இருக்கும் என்பதால் ரீமார்க்குக்குக் கேட்பவரும் கேட்பார். ஏற்பாடு கிடைத்திருந்தால் இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. நான் அப்போதும் சொல்லச் சொல்வேன். சொல்லிவிட்டால் பேசுபவருக்கு மறைக்கும் வேலை ஒன்று குறைகிறது.

கோவை_டிரெய்னர் (வியாழன், மதியம் 1:40)

எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் சரி, முன்னேற்பாட்டோடு போவதுதான் முதல் வழி என்பதில் நாம் இருவரும் ஒன்றுதான்.

இன்னொன்று சேர்க்கிறேன். நேரம் வாங்குவதற்காகக் கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள். ஒருமுறை என்றால் தவறில்லை. முதல் பகுதியில் எக்ஸாமினர் அதே சொல்லில்தான் திரும்பச் சொல்வார், விளக்க மாட்டார். மூன்றாம் பகுதியில் வேறு விதமாகக் கேட்பார். அங்கே கேட்டால் பயன் உண்டு. முதல் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் "குட் யூ ரிப்பீட் தட்" என்றால் காது கேட்கவில்லையா, புரியவில்லையா என்று ஆகிவிடும்.

லீட்ஸ்_மலர் (வியாழன், இரவு 11:30)

ஓஇடி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. எனக்குத் திக்கல் இல்லை, ஆனால் அக்கா யோசிக்கலாம் என்று தோன்றுகிறது. அதில் இரண்டு ரோல்ப்ளே, ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். அதற்கு முன் அட்டையைப் படிக்க 3 நிமிடம் தருவார்கள். எதிரில் பேஷன்ட்டாக நடிப்பவர் மார்க் போட மாட்டார். பதிவு வேறு இடத்துக்குப் போய் அங்கே மதிப்பிடுவார்கள். வார்டில் தினமும் பேசுவதுதான் கேள்வியே. நோயாளியைக் கவனித்துக் கேட்பது, புரிகிறதா என்று உறுதிப்படுத்துவது எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. ஃப்ளூயன்ஸி அதில் ஒன்று மட்டும்தான்.

பேச்சுத்துறை_மதுரை (வெள்ளி, காலை 9:00)

மலர் சொன்னதில் ஒரு பலம் இருக்கிறது. வேறொரு ஆளாக நடிக்கும்போது சிலருக்குத் திக்கல் குறையும். நர்ஸாகப் பேசும்போது குறைகிறதா என்று பாளை_செவிலிதான் சொல்ல வேண்டும். ஆனால் பார்த்துச் செய்யுங்கள். அந்த 5 நிமிடத்துக்குள் அட்டையில் உள்ள வேலைகளை முடித்தாக வேண்டும், நீண்ட அடைப்பு அதைத் தின்றுவிடும். அங்கேயும் முன்கூட்டியே ஏற்பாடு கேட்க வேண்டியிருக்கும். மதிப்பிடுபவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், ஒலி மட்டும்தான் கேட்பார். அடைப்பு என்பது ஒலியில் வெறும் அமைதி. அதனால் இது எது நல்லது என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

பாளை_செவிலி (வெள்ளி, மாலை 7:10)

டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் நின்று பேஷன்ட்டிடம் பேசும்போது உண்மையிலேயே குறைவுதான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் திக்கும், டியூட்டி ஒப்படைக்கும்போது திக்கும். அப்படியானால் ஓஇடியில் எதிரில் இருப்பவர் எனக்குப் பேஷன்ட்டாகத் தோன்றுவாரா, எக்ஸாமினராகத் தோன்றுவாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போதைக்கு ஐஇஎல்டிஎஸ்-ஐயே தொடர்கிறேன். தெரபிஸ்ட்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன், எவ்வளவு நேரம் கூட வேண்டும் என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்கிறேன். அது வந்த பிறகுதான் தேதி எடுப்பேன். யாராவது முன்பின் தெரியாதவராக, கேமராவில் 14 நிமிடம் எனக்கு எக்ஸாமினராக உட்கார முடியுமா? பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்.

யாழ்_குமரன் (வெள்ளி, இரவு 8:05)

நான் இருக்கிறன் அக்கா. எனக்கு இங்க காலை, உங்களுக்கு இரவு ஏழு மணி சரி வரும். நானும் திக்குவன் எண்டதால் ரெண்டு பேரும் சேர்ந்தால் 14 நிமிசத்தில் முடியாது, அரை மணித்தியாலம் ஒதுக்குங்கோ.

கோவை_டிரெய்னர் (வெள்ளி, இரவு 8:30)

குமரனோடு பேசுவது பழகிய ஆள் மாதிரி ஆகிவிடும், அது முதல் வாரத்துக்குச் சரி. இரண்டாவது வாரம் நான் வருகிறேன். காத்திருக்க மாட்டேன், இரண்டு நிமிடத்தில் நிறுத்துவேன், முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டேன். அதற்கும் பழக வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணி முடியுமா?

பாளை_செவிலி (வெள்ளி, இரவு 8:42)

ஞாயிறு நைட் டியூட்டி சார், நான்கு மணி என்றால் முடியும்.